பேச்சை மேற்கோள் காட்டும் வகை

இவ்வாண்டு நமது கலாசாலைத் தமிழ்ச் சங்கத்தார் நடத்திய வியாசப் போட்டிக்கு வந்த தாள்களைப் படித்துத் தரம் பிரிக்கும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்று, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடி உயிர்நீத்த போதகர் மார்ட்டின் லூதர் கிங் என்பாரைப் பற்றியது. நடை நன்று, பொருளும் நன்று. ஆயினும் நடுவே ஓரிடத்தில், "நான் நீதிக்கும் சமாதானத்துக்கும் நேர்மைக்கும் டிரம் மேஜராக இருந்தேன்" என்று கிங் தம்மைக் குறித்துப் பெருமிதத்தோடு கூறினார் என எழுதி, அடியில் "ஆதாரம்: இணையம்" என்று குறித்திருந்தார் அம்மாணவர். டிரம் மேஜர் என்பவன் பாண்டு வாத்தியக்காரரின் அணிவகுப்புக்கு முன்னே நீண்ட கோல் ஒன்றைச் சுழற்றிக்கொண்டு நடப்பவன். அணியில் எல்லாருடைய கண்ணும் முதலில் அவன்மேல்தான் விழும்.

மாணவரை அழைத்து, "இச்சொற்களைக் கிங் எங்கே கூறினார்?" என்று வினவினேன். அவர் தயங்காமல் தம் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வெண்கல் ஒன்றில் அவ்வாக்கியம் ஆங்கிலத்தில் அழகாகச் செதுக்கப்பட்டிருந்தது. "கல்லிலேயே வெட்டியிருக்கிறார்களே, ஐயா, இதற்கு மேல் ஆதாரம் வேண்டுமா?" என்றார். அவர் கேட்டது நியாயமே. அவரை ஏமாற்றியது இணையமன்று, அக்கல்லே. அந்தக் கல்லின் வரலாறு, பிறர் பேச்சை எடுத்தாள விரும்பும் எவரும் அறியத்தக்கது. ஆதலின் அதனையே முதலிற் சொல்லுகிறேன்.

1968-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, அட்லாண்டா நகரில் தாம் போதகராயிருந்த எபினேசர் பாப்திஸ்து ஆலயத்தில் கிங் ஒரு பிரசங்கம் செய்தார். எடுத்துக்கொண்ட திருவசனம், மாற்கு சுவிசேஷம் பத்தாம் அதிகாரத்தில், யாக்கோபும் யோவானும் ஆண்டவரிடம் வந்து, மகிமையில் அவருடைய வலப்புறத்திலும் இடப்புறத்திலும் தாங்கள் உட்கார வேண்டுமென்று கேட்கும் பகுதி. யாவரினும் முன்னே நிற்க வேண்டும், யாவரும் நம்மைப் பார்க்க வேண்டும் என்று மனிதர் அனைவருள்ளும் கிடக்கும் ஆசைக்கு, "டிரம் மேஜர் இயல்பு" என்று அவர் பெயரிட்டார். வருமானத்துக்கு மிஞ்சிய மோட்டார் வாகனம் வாங்குவதும், நிறத்தால் உயர்ந்தோம் என்று இறுமாப்பதும், ஒரு தேசம் மற்றொரு தேசத்தின்மேல் ஆதிக்கஞ் செலுத்த முனைவதும் அவ்வியல்பின் கிளைகளே என்று விரித்துச் சொன்னார். அப்பிரசங்கம் முழுவதும் அவ்வியல்பின்மேல் எழுந்த ஒரு விசாரணை என்றே சொல்லலாம்.

இறுதியில் தம் அடக்க ஆராதனையைப் பற்றிப் பேசினார். நீண்ட சரமகவி வேண்டா. தமக்கு நோபெல் பரிசு கிடைத்ததைச் சொல்ல வேண்டா. பசித்தோர்க்கு உணவளிக்கவும், சிறையிலிருப்போரைக் காணவும், பிறர்க்கு ஊழியஞ் செய்யவும் முயன்றான் என்று மட்டும் சொன்னாற் போதும் என்றார். அதன்பின்னர், நான் ஒரு டிரம் மேஜராயிருந்தேன் என்று நீங்கள் சொல்லத்தான் விரும்பினால், நீதிக்கு டிரம் மேஜராயிருந்தேன் என்று சொல்லுங்கள், சமாதானத்துக்கு என்று சொல்லுங்கள், நேர்மைக்கு என்று சொல்லுங்கள் என்ற கருத்துப்படக் கூறி, மற்ற அற்ப விஷயங்கள் பொருட்டல்ல என்று முடித்தார். சரியாக இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 4-ந் தேதி, அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 9-ந் தேதி அதே ஆலயத்தில் நடந்த அடக்க ஆராதனையில், அவர் மனைவியாரின் விருப்பப்படி, இப்பிரசங்கத்தின் ஒலிப்பதிவே சபையார்க்குப் போட்டுக் காட்டப்பட்டது.

2011-ம் ஆண்டு வாஷிங்டன் நகரில் அவருக்கு ஒரு கற்சிலை திறக்கப்பட்டது. அதன் ஒரு பக்கத்தில் இவ்விறுதிப் பகுதியைப் பொறிக்க எண்ணியவர்கள், இடம் போதாமையால் அதனைப் பத்து ஆங்கிலச் சொற்களாகச் சுருக்கினார்கள். சுருக்கியபோது "நீங்கள் சொல்லத்தான் விரும்பினால்" என்ற நிபந்தனை உதிர்ந்து போயிற்று. "என்று சொல்லுங்கள்" என்பதும் போயிற்று. எஞ்சியது, "நான் டிரம் மேஜராயிருந்தேன்" என்ற தற்புகழ்ச்சி. எந்த இயல்பை அவர் அன்று கண்டித்தாரோ, அவ்வியல்பே உருவெடுத்து அவருடைய வாயாலே பேசுவதாயிற்று. இப்பொறிப்பு அவரை அகந்தை கொண்டவராகக் காட்டுகிறது என்று கவிஞர் மாயா ஆஞ்செலோ வெளிப்படையாகக் கடிந்துரைத்தார். முடிவில், 2013-ம் ஆண்டு அதே சிற்பி வரவழைக்கப்பட்டு, எழுத்துக்கள் யாவும் மறையும்படி கல்லின்மேல் நெடுங்கோடுகள் செதுக்கப்பட்டன. இன்று அங்கே போய்ப் பார்ப்பவர்க்கு அவ்வாக்கியம் இல்லை. ஆயினும் இரண்டாண்டுகளில் எடுக்கப்பட்ட படங்கள் இணையத்தில் இன்னும் உலாவுகின்றன. நம் மாணவர் கண்டது அவற்றுள் ஒன்று.

இனி, இத்தவறு எவ்வாறு நேர்ந்தது என்று பார்ப்போம். நூலை மேற்கோள் காட்டுவோன் நூலை நோக்கிக் காட்டுகிறான். நூல் எவரும் எடுத்துப் பார்க்கும்படி அலமாரியில் இருக்கிறது. பேச்சோ, பேசிய கணத்திலேயே காற்றோடு போய்விடுகிறது. நம் கைக்கு வருவது பேச்சன்று. அப்பேச்சின் ஏதோ ஒரு சுவடு. கேட்டவன் மனத்தில் நின்றது ஒரு சுவடு; கருவி பிடித்த ஒலியும் படமும் மற்றொன்று; ஒருவர் எழுதி அச்சிட்டது வேறொன்று. இவை ஒன்றோடொன்று முற்றும் ஒத்திருக்குமென்று எண்ணுவதே பிழைக்கு வேர். ஆகையால் பேச்சை எடுத்தாளுவோன், "இன்னார் சொன்னார்" என்று எழுதுவதோடு, "எனக்கு இது இன்ன வழியாக வந்தது" என்றும் எழுதக் கடமைப்பட்டவன். தான் ஒலிப்பதிவைக் கேட்டிருந்து அச்சுநூலைக் காட்டுவதும், அச்சைப் படித்திருந்து நேரிற் கேட்டதுபோல் எழுதுவதும் ஒரே வகைப் பொய்யே.

நேரிற் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் கலாசாலை ஆலயத்திலும் மண்டபத்திலும் ஆண்டுதோறும் எத்தனையோ பெரியோர் பேசிச் செல்கின்றனர். அவற்றுட் பெரும்பாலானவை எங்கும் பதிவாவதில்லை. அத்தகைய பேச்சுக்கு நம் குறிப்புப் புத்தகமே சாட்சி. பேசியவர் பெயர், பேச்சின் தலைப்பு, கூட்டம் இன்னதென்பது, இடம், நாள் ஆகிய ஐந்தையும் அன்றே குறித்துவிட வேண்டும். தலைப்பு அறிவிக்கப்படாவிட்டால் நாமாக ஒன்று புனைந்து மேற்கோட் குறிக்குள் இடலாகாது. "முதலாமாண்டு மாணவரை வரவேற்று ஆற்றிய உரை" என்பதுபோல் விளக்கமாக எழுதினாற் போதும். பிறகு, பேசியவரின் சொற்களை அப்படியே எழுதிக்கொண்டோமா, கருத்தை மட்டும் எழுதிக்கொண்டோமா என்று குறிப்பிலேயே வேறுபடுத்த வேண்டும். நான் செய்வது இது: சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டதற்கு மட்டும் இருபுறமும் குறியிடுவேன், மற்றதற்குக் குறியில்லை. மறுநாள் நினைவிலிருந்து எழுதுகிற எந்த வாக்கியமும் குறிக்குள் புகத் தகாது. கிரேக்க சரித்திராசிரியர் தூசிடிடீஸ், தாம் கேட்ட பேச்சுக்களைக்கூடச் சொல்லுக்குச் சொல் நினைவிற் கொள்வது அரிதாயிருந்தமையால், பொதுக் கருத்தைத் தழுவித் தாமே சொற்களை அமைத்ததாகத் தம் நூலின் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளுகிறார். அவ்வளவு பெரியவர் ஒப்புக்கொண்டதை நாம் ஒப்புக்கொள்ள நாணவேண்டியதில்லை.

மேனாட்டு முறைகள் இவ்விடத்தில் இரண்டாகப் பிரிகின்றன. எம். எல். ஏ. முறையில் (இது நம் சட்டசபை அங்கத்தினரைக் குறிப்பதன்று, நவீன மொழிக் கழகம் என்னும் அமெரிக்கச் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம்) நேரிற் கேட்ட பேச்சையும் மற்ற நூல்களோடு ஆதாரப் பட்டியலிற் சேர்த்து எழுதுவர். உளவியலாரும் கல்வியியலாரும் வழங்கும் ஏ. பி. ஏ. முறையிலோ, பதிவு இல்லாத பேச்சைப் பட்டியலிற் சேர்ப்பதில்லை. படிப்பவன் தேடிப் பெற முடியாத ஒன்றைப் பட்டியலில் வைப்பதாற் பயனில்லை என்பது அவர்கள் கொள்கை. அதனைத் தனிப்பட்ட செய்தித்தொடர்பு என்று வகைப்படுத்தி, கட்டுரை நடுவிலேயே பெயரும் நாளும் காட்டி விட்டுவிடுவர். எதனைக் கையாள வேண்டும் என்பது அவரவர் துறையைப் பொறுத்தது. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலவாமலிருந்தாற் சரி.

நேரிற் கேட்பதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மேனாட்டுக் கையேடுகள் இதனை அதிகம் பேசுவதில்லை. அயல்நாட்டுப் போதகர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்ல, அருகே நிற்கும் நம்மவர் அதனைத் தமிழில் சொல்ல, இவ்வாறே பிரசங்கம் முழுவதும் நடைபெறுகிறது. கேட்பவன் வீட்டுக்குப் போய்த் தமிழ் வாக்கியத்தைப் போதகர் பெயரால் எழுதுகிறான். அச்சொற்கள் போதகருடையனவல்ல, மொழிபெயர்த்தவருடையன. வல்லவர் சிலர் மூலத்தில் இல்லாத பழமொழியையும் சேர்த்துவிடுவதுண்டு. சபையார் மகிழ்ந்து தலையசைப்பதும் பெரும்பாலும் அப்பழமொழிக்கே! ஆகவே இருவர் பெயரையும் எழுதி, "கூட்டத்தில் மொழிபெயர்க்கப்பட்டபடி" என்று சேர்ப்பதே நேர்மை. அவ்வாறே, ஆங்கிலப் பேச்சைத் தமிழ்க் கட்டுரையில் நாமே தமிழாக்கித் தந்தால், தமிழாக்கம் நம்முடையது என்று ஓரிடத்திலாவது சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, இணையத்தில் காணும் அல்லது கேட்கும் பதிவு. நேரிற் கேட்ட குறிப்பைவிட இது உறுதியானது என்று தோன்றும், பெரும்பாலும் அப்படியேதான். ஆயினும் ஓர் உதாரணங் காட்டுகிறேன். 1940-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி, டன்கர்க்கிலிருந்து படைகள் மீட்கப்பட்டதன் பின்னர், பிரிட்டிஷ் பிரதம மந்திரி சர்ச்சில் காமன்ஸ் சபையில் ஆற்றிய உரை உலகறிந்தது. கடற்கரைகளிற் போரிடுவோம் என்று வரும் பகுதியை அறியாதார் இலர். அவர் கம்பீரக் குரலில் அதனைக் கேட்கும்படி இணையத்தில் பதிவுகள் பல உள்ளன. மாணவன் அதைக் கேட்டு, "சர்ச்சில் 1940-ல் பேசியது, ஒலிப்பதிவு" என்று எழுதுகிறான். தவறு. அக்காலத்துக் காமன்ஸ் சபையில் ஒலிபரப்பே கிடையாது. நிலையான வானொலி ஒலிபரப்பு 1978-லும், தொலைக்காட்சி 1989-லுமே அங்கே தொடங்கின. அன்று மாலை பி. பி. சி. வானொலியில் செய்தி வாசிப்பவர் ஒருவர் உரையின் சில பகுதிகளைத் தம் குரலில் வாசித்தார், அவ்வளவே. நாம் இன்று கேட்பது, சர்ச்சில் 1949-ம் ஆண்டு, யுத்தம் வெற்றியாய் முடிந்து நான்காண்டு கழிந்தபின், தாமே மீண்டும் படித்துப் பதிவு செய்தது. அன்றைய உரையை அன்றே அவர் குரலில் வானொலியிற் கேட்டதாகப் பிற்காலத்தில் உறுதியாக நினைவுகூர்ந்தோரும் பலர் இருந்தனர். நேரிற் கேட்ட நினைவு என்பது எத்துணை வழுக்கும் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். சொற்கள் பெரும்பாலும் ஒன்றே ஆகையால், சொல்லளவில் கேடு சிறிது. குரலைப் பற்றி ஏதேனும் சொல்லப் புகுந்தாலோ கேடு பெரிது. "தோல்வி எதிரே நிற்கையிலும் அவர் குரல் நடுங்கவில்லை" என்று ஒருவன் எழுதினால், அவன் கேட்ட குரலுக்கு எதிரே தோல்வி நிற்கவே இல்லை. ஆகவே பதிவுக்கு மூன்று நாட்கள் உண்டென்று கொள்க: பேசிய நாள், பதிவு செய்த நாள், இணையத்தில் ஏற்றிய நாள். மூன்றும் ஒரே நாளாகவும் இருக்கலாம். எழுபது ஆண்டு இடைவெளியாகவும் இருக்கலாம். காணொளியின் கீழே காட்டப்படும் தேதி மூன்றாவதே. அதனைப் பேசிய நாளாக எழுதிவிடுவது நான் தாள்களில் அடிக்கடி காணும் பிழை. அவ்வாறே, காணொளியை ஏற்றியவர் பெயர் பேசியவர் பெயரன்று. இரண்டையும் எழுத வேண்டும். பேசியவரை முன்னும், ஏற்றியவரை இடம் காட்டும் முகமாகப் பின்னும் வைக்க வேண்டும். ஒரு மணி நேரப் பதிவைப் பொதுவாகக் காட்டிவிட்டுப் போவது, ஐந்நூறு பக்க நூலைப் பக்க எண்ணின்றிக் காட்டுவதை ஒக்கும்; ஆகையால் அவ்வாக்கியம் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது வினாடியில் தொடங்குகிறது என்பதையும் குறிக்க வேண்டும். வெட்டி ஒட்டிய சிறு துண்டுகளை நம்பலாகாது. வெட்டப்பட்ட இடத்துக்கு முன்னே ஒரு "நீங்கள் சொல்லத்தான் விரும்பினால்" இருந்திருக்கலாம். முழுப் பதிவு கிடைக்குமானால் அதனைத் தேடி, குறித்த வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நிமிடமாவது கேட்டபின்னரே எழுத வேண்டும். காணொளியின் அடியில் தானே ஓடும் எழுத்துக்களைப் பேச்சின் பிரதியாகக் கொள்ளவும் கூடாது. அவை ஊர்ப் பெயரையும் ஆட்பெயரையும் தாறுமாறாக்குவதை யாவரும் கண்டிருப்பர்.

மூன்றாவது, எழுத்துப் பிரதி. இதில்தான் மயக்கம் மிகுதி. ஏனெனில் அச்சைக் கண்டவுடன் நம் சந்தேகம் உறங்கிவிடுகிறது. அச்சிட்ட பேச்சு யாதாயினும், அது பேசுமுன் எழுதப்பட்டதா, பேசும்போது எழுதப்பட்டதா, பேசியபின் எழுதப்பட்டதா என்று கேட்டாக வேண்டும்.

பேசுமுன் எழுதப்பட்டதற்குக் கிங்கின் மற்றொரு பேச்சே தக்க சான்று. 1963-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி வாஷிங்டனில், லிங்கன் நினைவு மண்டபத்தின் முன் அவர் ஆற்றிய உரையின் தயாரித்த பிரதி பத்திரிகைக்காரருக்கு முன்னதாகவே வழங்கப்பட்டிருந்தது. எனக்கொரு கனவுண்டு என்று அவர் அடுக்கிக்கொண்டு போகும் பகுதி அப்பிரதியில் இல்லை. உரையின் முடிவை அணுகுகையில் தாளை விட்டு விலகி, முன்னரே வேறு கூட்டங்களில் தாம் பேசியிருந்த அக்கனவை எடுத்துக்கொண்டார். பிரதியை மட்டும் படித்தவன் அன்று அப்படியொன்று பேசப்படவேயில்லை என்று சாதிப்பான்! அரசாங்க அலுவலகங்கள் மந்திரிகளின் உரையை முன்னதாக வெளியிடும்போது, "பேசியதோடு ஒப்பிட்டுக் கொள்க" என்னும் எச்சரிக்கையைத் தலைப்பில் பொறிப்பது இதனாலேயே. அத்தகைய தாளிலிருந்து எடுப்பவன் "தயாரித்த உரையின்படி" என்று எழுத வேண்டுமேயன்றி, "பேசினார்" என்று எழுதலாகாது.

பேசும்போது எழுதப்படுவது சட்டசபைகளின் அறிக்கை. அது மிகவும் நம்பத்தக்கது. ஆயினும் அதுவும் காதில் விழுந்ததன் நேர்ப்பிரதியன்று. திரும்பச் சொன்னதை நீக்கியும், வெளிப்படையான வழுவைத் திருத்தியும் வெளியிடுவது பிரிட்டிஷ் சபையின் வழக்கம். நம் மக்களவையிலோ, விதி 380-ன்படி, தகாத சொற்களைக் குறிப்பிலிருந்து நீக்கும்படி சபாநாயகர் ஆணையிடலாம். நீக்கிய இடத்தில் அறிக்கையில் நட்சத்திரக் குறிகள் மட்டும் நிற்கும். காணொளியிற் கேட்ட சொல் அறிக்கையில் இல்லாமற்போவது இவ்வாறே. அப்போது காணொளியை வெற்றியோடு எடுத்துக்காட்ட மாணவனுக்கு ஆசை உண்டாகும். சற்றுப் பொறுக்க. பீகார் சட்டசபையில் நீக்கப்பட்ட பகுதியையும் சேர்த்து 1957-ல் ஓர் உரையை வெளியிட்டதற்காகப் பாட்னாவின் 'சர்ச்லைட்' பத்திரிகையாசிரியர் சர்மா மீது சபையார் நடவடிக்கை தொடங்க, அவர் உச்ச நீதிமன்றம் சென்றும் அந்நீதிமன்றம் சபையின் உரிமையையே நிலைநாட்டிற்று. நட்சத்திரக் குறி வெறும் அலங்காரமன்று.

பேசியபின் எழுதப்பட்டதற்கு வருவோம். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட ஸொஜர்னர் ட்ரூத் என்னும் அம்மையார், 1851-ம் ஆண்டு மே மாதம் ஓஹையோ நாட்டு ஆக்ரன் நகரில் பெண்கள் மாநாடொன்றிற் பேசினார். மாநாட்டின் காரியதரிசியாயிருந்த ராபின்சன் என்பவர் அப்பேச்சை அடுத்த மாதமே பத்திரிகையில் வெளியிட்டார். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1863-ல், அம்மாநாட்டுக்குத் தலைமை வகித்த கேஜ் அம்மையார் தம் நினைவிலிருந்து மற்றொரு பிரதி எழுதினார். நான் பெண்ணல்லேனோ என்று திரும்பத் திரும்ப வரும் புகழ்பெற்ற கேள்வி கேஜ் பிரதியில்தான் உண்டு. ராபின்சன் பிரதியில் அது இல்லை. மேலும், கேஜ் அம்மையார் பேச்சு முழுவதையும் தென்னாட்டு அடிமைகளின் கொச்சையில் எழுதிவைத்தார். ட்ரூத் அம்மையாரோ நியூயார்க்கு மாகாணத்திற் பிறந்து, டச்சு மொழியையே தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர். ஐந்து மக்களைப் பெற்றவராக அறியப்படும் அவரைப் பதின்மூவரைப் பெற்றதாகவும் அப்பிரதி சொல்ல வைக்கிறது. அம்மையார்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. தம் பேரால் அச்சேறியதைத் தாமே எடுத்துப் படித்துத் திருத்த அவரால் இயலவில்லை. கொச்சை மொழி அவர் வாயில் ஏற்றப்பட்டு, நூற்றாண்டுக்கு மேலாகப் பாடப்புத்தகங்களில் அவருடையதாகவே வழங்கிற்று. இப்பேச்சை எடுத்தாளுவோன், "ட்ரூத் கூறினார்" என்று மட்டும் எழுதுவானாயின் எதையும் சொல்லாதவனே ஆவான். "1851-ல் ராபின்சன் வெளியிட்டபடி" என்றோ, "1863-ல் கேஜ் நினைவிலிருந்து எழுதியபடி" என்றோ சேர்த்தால்தான் படிப்பவன் அவ்வாக்கியத்தின் எடையை அறிவான்.

நம் மாணவரின் தாளுக்குத் திரும்புவோம். இவ்வளவையும் அவரிடம் ஒருநாள் மாலை சொல்லி, தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் செய்த வேலையைப் படிப்படியாகச் சொல்லுகிறேன். முதலில், கல்லின் வாக்கியம் எப்பேச்சிலிருந்து வந்ததென்று தேடி, அது 1968 பிப்ரவரி 4-ந் தேதிப் பிரசங்கமென்று கண்டார். பின்னர், கார்சன், ஹாலரன் ஆகிய இருவர் பதிப்பித்து 1998-ல் வெளிவந்த 'நள்ளிரவில் ஒரு தட்டல்' என்று பொருள்படும் பெயருடைய பிரசங்கத் தொகுப்பில் அதன் முழுப் பிரதியையும் படித்தார். அச்சைப் படித்ததோடு நில்லாமல், ஒலிப்பதிவைத் தேடிக் கேட்டு இரண்டையும் ஒப்பிட்டார். சபையார் இடையிடையே ஆமென்று ஆரவாரிப்பது பதிவிற் கேட்கிறது என்றும், அந்த ஆரவாரத்தோடு கேட்கும்போது அவ்வாக்கியம் பெருமையாகத் தோன்றாமல் மன்றாட்டாகத் தோன்றுகிறது என்றும் அவரே என்னிடம் வந்து சொன்னார். அது நான் சொல்லிக் கொடுத்ததன்று.

ஒரு கேள்வியும் கொண்டு வந்தார். டிரம் மேஜர் என்ற அவ்வுருவகம் கிங்குக்கு முன்னரே, வாலஸ் ஹாமில்டன் என்னும் மெதடிஸ்து போதகரின் 1952-ம் ஆண்டுப் பிரசங்கத்திற் காணப்படுகிறதே, கிங் அதனைத் தழுவியே பேசியிருக்கிறாரே, அப்படியானால் யாரைக் காட்டுவது என்றார். நல்ல கேள்வி. பிரசங்க மேடையில் ஒருவர் மற்றொருவரிடம் கடன் பெற்று, பெயர் சொல்லாமற் செல்லுவது பழைய வழக்கம். அச்சுநூலின் விதிகளை மேடைமேல் முழுமையாய் ஏற்றி, அவரைத் திருடர் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நாம் எழுதுவது மேடைப் பிரசங்கமன்றே! வாக்கியம் கிங்குடையதாதலின் கிங்கைக் காட்டி, உருவகத்தின் பிறப்பைப் பேசுமிடத்தில் ஹாமில்டனையும் சொல்லிவிடுவதே முறை என்றேன்.

முன்பு "ஆதாரம்: இணையம்" என்று நின்ற இடத்தில் இப்பொழுது அவர் எழுதியிருப்பது இது: "மார்ட்டின் லூதர் கிங், டிரம் மேஜர் இயல்பு என்னும் பிரசங்கம், எபினேசர் பாப்திஸ்து ஆலயம், அட்லாண்டா, 4 பிப்ரவரி 1968. கார்சன், ஹாலரன் பதிப்பு, 1998-ல் படித்து, ஒலிப்பதிவோடு ஒப்பிட்டது. தமிழாக்கம் என்னுடையது." உள்ளே வாக்கியமும் மாறியிருக்கிறது, "பெருமிதத்தோடு கூறினார்" என்ற சொற்களை அவர் அடித்துவிட்டார். கற்சிலையின் கதையை மற்றோர் அடிக்குறிப்பில் சேர்த்து, அதற்கு ஆதாரமாகத் தாம் முதலிற் காட்டிய படத்தையே வைத்து, "2011-க்கும் 2013-க்கும் இடையில் எடுத்தது, எடுத்தவர் பெயர் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார். போட்டிக்குரிய நாள் கடந்துவிட்டமையால் பரிசு வேறொருவர்க்குப் போயிற்று. வியாசம் இம்மலரில் வேறு பக்கத்தில் வெளியாகிறது.